முதல் வேலை கிடைத்ததை அறிவித்த ஒரு பதிவு: எழுதியது, எடுத்தது, திரும்ப எழுதியது

இதில் வரும் யாருடைய பெயரையும் நான் போடவில்லை. சம்பந்தப்பட்ட பையனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவன் பதிவுகள் இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தன, இங்கே தமிழில் தருகிறேன். நான் பெங்களூரில் ஒன்பது வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த அனுபவமும் உண்டு. அதனால்தான் அவன் என்னிடம் வந்தான்.

பின்னணி

பையன் எங்கள் அம்மா ஊர்ப் பக்கம், தர்மபுரி மாவட்டம். 2024இல் மெக்கானிக்கல் முடித்தான். கல்லூரிக்கு வளாகத் தேர்வுக்கு வந்த கம்பெனிகள் சொற்பம், அதில் எதிலும் இவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஜூலையில் பெங்களூர் வந்து பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் மூன்று பேர் தங்கும் அறையில் சேர்ந்தான். மற்ற இருவரும் தமிழ்ப் பையன்கள்தான், ஒருவன் திருவண்ணாமலை, இன்னொருவன் கோவில்பட்டி. மூன்று பேரும் ஒரே பயிற்சி மையத்தில் நான்கு மாத டெஸ்டிங் கோர்ஸ் முடித்தார்கள், ஒரே டெம்ப்ளேட்டில் ரெஸ்யூமே போட்டார்கள், காலையில் ஒன்றாகக் கிளம்பி ஒரே வாக்-இன் வரிசையில் நின்றார்கள்.

பதினோரு மாதம் கழித்து, 2025 ஜூனில், இவனுக்கு மட்டும் வேலை கிடைத்தது. பன்னர்கட்டா ரோடு பக்கம் அறுபது பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனி, மருத்துவமனைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறார்கள். ஆஃபர் லெட்டரில் இருந்த பதவி டிரெய்னி டெஸ்ட் இன்ஜினியர், ஆறு மாதம் புரொபேஷன்.

அந்த வேலை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் அதுதான் முக்கியமாகிறது. கம்பெனியில் ஒருவர் திடீரென்று வேலையை விட்டதால் அவசரமாக ஆள் தேவைப்பட்டது. பயிற்சி மையத்தில் பாடம் எடுத்த ஒரு சாருக்கு அந்தத் தகவல் கிடைக்க, அவர் ராத்திரி ஒன்பது மணிக்கு மூவருக்கும் மெசேஜ் போட்டார்: நாளை காலை பத்து மணிக்கு வாக்-இன். கோவில்பட்டிப் பையன் அன்று ஊரில் இருந்தான், கோயில் கொடை. கொடையை விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வர அவனால் முடியவில்லை. திருவண்ணாமலைப் பையனும் இவனும் போனார்கள், ஒரே ஒரு இடம், இவனுக்குக் கிடைத்தது.

முதல் பதிவு

வேலையில் சேர்ந்த திங்கட்கிழமை ராத்திரியே லிங்க்ட்இன்னில் இதைப் போட்டான்:

"கனவு நனவானது! கடின உழைப்பு ஒருபோதும் வீண்போகாது என்பதை இன்று நிரூபித்துவிட்டேன். எண்ணற்ற நிராகரிப்புகளுக்குப் பிறகு, பெங்களூரின் முன்னணி நிறுவனம் ஒன்றில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக என் பயணத்தைத் தொடங்குகிறேன். என்மேல் நம்பிக்கை வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் நன்றி. பெற்றோர், நண்பர்கள், வழிகாட்டிகள் அனைவருக்கும் நன்றி. இது வெறும் ஆரம்பம்தான்!"

கூடவே கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒரு செல்ஃபி.

நாலு நாளில் அறுபதுக்கு மேல் வாழ்த்துகள் வந்தன. பெரும்பாலும் கீழே தயாராக வந்து நிற்கும் வாழ்த்தைத் தட்டிவிட்டவை. மற்றபடி வந்தவற்றை அவனே எனக்குக் காட்டினான். கல்லூரி சீனியர் ஒருவர் தனியாக மெசேஜ் போட்டிருந்தார்: "எந்த கன்சல்டன்சி தம்பி, எவ்வளவு கட்டினே?" பெங்களூரில் வேலை தேடியவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். பணம் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே தள்ளுவதும், பொய் அனுபவச் சான்றிதழ் செய்து கொடுப்பதும் இங்கே தனித் தொழிலாகவே நடக்கிறது. அப்படிச் சேர்ந்தவர்கள்தான் வழக்கமாகக் கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெயர் இல்லாத பதிவைப் பார்த்ததும் சீனியர் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

ஒரு ஜூனியர், "அண்ணா, ஜாவா டெவலப்பருக்கு ரெஃபர் பண்ணுங்க" என்று கேட்டிருந்தான். இவன் டெவலப்பரே இல்லை. ஊரில் சித்தப்பா ஒருவர் அந்தப் பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு, பையன் பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார், அப்பாவிடம் சம்பளம் கேட்டு ஆள் வந்திருக்கிறார்கள். அப்பா போன் செய்து, "எந்தக் கம்பெனின்னு சொல்லுப்பா, கேக்கறவங்களுக்கு எனக்குப் பேர் சொல்லத் தெரியல" என்றாராம்.

ஆனால் அவன் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தது இவற்றுக்காக இல்லை. கோவில்பட்டிப் பையன் அந்தப் பதிவுக்குப் பிறகு சரியாகப் பேசவில்லை. "வாழ்த்துகள்டா" என்று நேரில் ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. காலையில் மூவரும் ஒன்றாக டீ குடிப்பது நின்றுபோயிருந்தது.

உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது

சாப்பாடு முடிந்ததும் அவன் போனை வாங்கி ஒவ்வொரு வாக்கியமாகச் சத்தமாகப் படித்தேன். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இதை உன் அறையில் இருக்கும் இன்னொருவன் படித்தால் அவனுக்கு இது என்ன சொல்லும்?

"கடின உழைப்பு ஒருபோதும் வீண்போகாது என்பதை நிரூபித்துவிட்டேன்." இந்த வரியில் அவன் தன்னைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, பொதுவாக எல்லோரும் எழுதுவதுதான். ஆனால் கோவில்பட்டிப் பையனுக்கு அது வேறு மாதிரி கேட்கும். உழைத்தவனுக்குக் கிடைக்கும் என்றால், கிடைக்காதவன் உழைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அவனும் அதே பதினோரு மாதம், அதே வரிசைகளில் நின்றவன். அவன் தவறவிட்டது ஒரு காலைப்பொழுதை, அதுவும் ஊர்க் கொடைக்குப் போனதால். இதை நான் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நான் அவனை நினைச்சு எழுதலக்கா" என்றான். தெரியும், அவனை நினைக்காமல் எழுதியதுதான் அந்த வரி.

பெருமையடிப்பது என்றால் சம்பளத்தைச் சொல்வது, நான்தான் பெரிய ஆள் என்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த மாதிரிப் பதிவுகளில் அது குறைவு. அதிகம் உறுத்துவது காரணம் சொல்லும் வாக்கியம்தான். எனக்கு ஏன் கிடைத்தது என்று ஒருவன் ஒரு விதியைச் சொன்னால், அந்த விதி கிடைக்காதவர்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. "என்மேல் நம்பிக்கை வைக்காதவர்களுக்கும் நன்றி" என்பதும் அதே ரகம்தான். யார் உன்னை நம்பாதது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தான், அப்படி யாருமே இல்லை.

அடுத்தது, "முன்னணி நிறுவனம் ஒன்றில்". ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டேன். முதலில் "அனுமதி இருக்கான்னு தெரியலக்கா" என்றான். ஆனால் செல்ஃபியில் ஐடி கார்டின் நாடாவில் கம்பெனி பெயர் அரைகுறையாகத் தெரிகிறது, பெரிதாக்கிப் பார்த்தால் எம்ப்ளாயி நம்பரும் தெரிகிறது. எழுத்தில் மறைத்ததைப் படத்தில் காட்டியிருக்கிறான். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும்தான் உண்மைக் காரணம் வந்தது: "சின்ன கம்பெனிக்கா. பேரைப் போட்டா யாருக்கும் தெரியாது. கூடப் படிச்சவங்க எல்லாம் பெரிய பெரிய கம்பெனியில இருக்காங்க."

பதவியும் அப்படித்தான். ஆஃபர் லெட்டரில் டிரெய்னி டெஸ்ட் இன்ஜினியர், பதிவில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். டெஸ்டிங் என்று சொன்னால் ஊரில் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறான்.

அதாவது அந்தப் பதிவில் மிகையாக இருந்ததும் மழுப்பலாக இருந்ததும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. கம்பெனி சின்னது, வேலை சின்னது என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தால் பெயரையும் பதவியையும் எடுத்துவிட்டான். எடுத்த இடம் காலியாக இருக்கவே கனவு, பயணம், முன்னணி என்று பெரிய வார்த்தைகளைப் போட்டு அடைத்தான். பெரிய வார்த்தைகளை மட்டும் எடுத்தால் பதிவில் எதுவும் மிஞ்சாது. முதலில் தகவலை உள்ளே கொண்டுவர வேண்டும், வந்துவிட்டால் அந்த வார்த்தைகளுக்கு அங்கே வேலை இல்லை.

"எல்லாரும் இப்படித்தானே எழுதறாங்க" என்றும் கேட்டான். ஆமாம், எழுதுகிறார்கள். அவன் பதிவின் ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றாமல் அவன் வகுப்பில் படித்த இன்னொருவர் தன் பதிவாகப் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதைத்தான் அவனுக்குக் காட்டினேன்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அந்தப் பதிவை அழிப்பது. போட்ட பதிவில் எழுத்தைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது, ஐடி கார்டு அப்படியே இருக்கும். அழித்தால் வந்த வாழ்த்துகளும் போய்விடும், அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எம்ப்ளாயி நம்பரை ஊருக்குக் காட்டிக்கொண்டு இருப்பதைவிட இது பரவாயில்லை என்று சொல்லி, அன்றே எடுக்க வைத்தேன்.

உடனே புதிதாக எழுத வேண்டாம் என்பது அடுத்தது. சேர்ந்த அன்றைக்கு வேலையைப் பற்றிச் சொல்ல ஒருவனிடம் எதுவும் இருக்காது, அதனால்தான் கனவு, பயணம் என்று போகிறான். இரண்டு வாரம் கழித்து எழுதினால் என்ன செய்கிறோம் என்று சொல்ல ஒரு வரியாவது இருக்கும்.

அந்த இடைவெளியில் கம்பெனி எச்ஆருக்கு நாலு வரியில் மெயில் போட்டான்: கம்பெனி பெயரையும் என் பதவியையும் குறிப்பிட்டு லிங்க்ட்இன்னில் எழுதலாமா, எதைத் தவிர்க்க வேண்டும்? மறுநாளே பதில் வந்தது. கம்பெனி பெயர், என்ன தயாரிக்கிறோம் என்பதைச் சொல்லலாம். எந்த மருத்துவமனைகள் வாடிக்கையாளர்கள் என்பது வேண்டாம், திரையின் படம் எதுவும் வேண்டாம். இவன் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த விஷயம் ஒரு மெயிலில் முடிந்தது.

பதவியை ஆஃபர் லெட்டரில் உள்ளபடியே போடுவது என்று தீர்மானித்தோம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பின்னால் வேறு கம்பெனிக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்பில் பழைய கம்பெனியிடம் பதவியையும் தேதியையும் கேட்பார்கள், ப்ரொஃபைலில் ஒன்றும் அவர்கள் சொல்வது இன்னொன்றுமாக இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவன் இவன்தான். அதைவிட, பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் இந்தப் பதிவைப் பார்ப்பார்கள், இவன் டிரெய்னி என்பது அவர்களுக்குத் தெரியும்.

பெயர் தெரியாத கம்பெனி என்ற கவலைக்கு வழி மிகச் சுலபமாக இருந்தது: பெயருக்குப் பக்கத்திலேயே, மருத்துவமனைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனி என்று சேர்த்துக்கொள்வது. சின்னதா பெரியதா என்ற கேள்வியே படிப்பவருக்கு எழாது, என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. இந்த வரியை முதலிலேயே வைத்தோம். லிங்க்ட்இன்னில் ஓட்டமாகப் பார்ப்பவர்களுக்கு முதல் சில வரிதான் தெரியும், மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். என்ன வேலை, எங்கே என்பது அந்தத் தட்டலுக்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும்.

அப்புறம் தேடலைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வி. "எண்ணற்ற நிராகரிப்புகள்" என்றவனிடம் எத்தனை என்று கேட்டேன். பையன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தான், போன ஒவ்வொரு இன்டர்வியூவையும் தேதியோடு எழுதியிருக்கிறான். பதினான்கு. எண்ணற்றது இல்லை, எண்ணி வைத்திருக்கிறான். அதில் ஒரு பக்கம் என் கண்ணில் பட்டது. டெஸ்டிங் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் அடிக்கடி கேட்கும் பழைய கேள்வி ஒன்று உண்டு, இந்தப் பேனாவை எப்படி டெஸ்ட் செய்வாய் என்று. மூன்றாவது இன்டர்வியூவில் அவனிடம் கேட்டிருக்கிறார்கள், "எழுதிப் பார்ப்பேன்" என்றதோடு நின்றுவிட்டான். அறைக்கு வந்து நோட்டில் ஒரு பேனாவை வரைந்து, சுற்றிலும் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறான்: மூடி இறுக்கமாக மூடுகிறதா, தலைகீழாகப் பிடித்தால் எழுதுமா, ஈரத் தாளில் மை பரவுகிறதா, சட்டைப் பையில் கசிகிறதா, இடது கைக்காரர் எழுதும்போது கை பட்டு மை இழுபடுகிறதா. இருபத்திரண்டு எழுதியிருக்கிறான், சிலது வேறு கையெழுத்தில். அவை திருவண்ணாமலைப் பையனுடையவை, அவன்தான் ராத்திரி ராத்திரி இவனுக்கு இன்டர்வியூ எடுப்பவனாக உட்கார்ந்திருக்கிறான்.

எட்டாவது இன்டர்வியூவுக்குப் பிறகு இவன் இன்னொன்றும் செய்திருக்கிறான். ஒரு பஸ் டிக்கெட் தளத்தைப் பயன்படுத்திப் பார்த்து, கண்ணில் பட்ட கோளாறுகளை முறையான பக் ரிப்போர்ட்டாக எழுதினான். என்ன செய்தேன், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது, எந்த போன், எந்த பிரவுசர். அப்படி மூன்றைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனான். வேலை கிடைத்த இடத்தில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பத்து நிமிடம் பேசியிருக்கிறார்கள். வேலை தேடுபவர் ஒருவருக்கு அந்தப் பதிவில் உபயோகப்படக்கூடியது இதுதான், முதல் பதிவில் இது ஒரு சொல்கூட இல்லை. இதை எழுதச் சொன்னேன். கூடவே, தகவல் வந்த நாளில் பெங்களூரில் இருந்தது அதிர்ஷ்டம் என்பதையும். அவன் செய்ததும் உண்மை, அதிர்ஷ்டமும் உண்மை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விதி சொல்வதுபோல் ஆகாது.

நன்றி சொல்வதில், யார் என்ன செய்தார் என்று சொல்ல முடிந்தவர்களுக்கு மட்டும், அவர்களிடம் கேட்டுவிட்டு. பயிற்சி மையத்துச் சார் சரி என்றார். திருவண்ணாமலைப் பையன் "போடு" என்றான். கோவில்பட்டிப் பையன், "என்னை டேக் பண்ணாதடா, தேடிட்டிருக்கேன்னு எல்லாருக்கும் தெரிய வேண்டாம்" என்றான். அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

இரண்டாவது பதிவு

சேர்ந்த மூன்றாவது வாரம் போட்டது இது. கம்பெனி பெயரை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

"மருத்துவமனைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் இந்தக் கம்பெனியில், பெங்களூரில், டிரெய்னி டெஸ்ட் இன்ஜினியராகச் சேர்ந்திருக்கிறேன். இது என் முதல் வேலை. இப்போது பில்லில் தள்ளுபடியும் காப்பீடும் சேர்ந்து வரும்போது மொத்தத் தொகை சரியாக வருகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு டெஸ்டிங்குக்கு வந்தேன். பதினோரு மாதம், பதினான்கு இன்டர்வியூ. எட்டாவதுக்குப் பிறகு, நிஜத் தளம் ஒன்றைச் சோதித்து மூன்று பக் ரிப்போர்ட் எழுதிக் கையில் கொண்டுபோக ஆரம்பித்தேன், அதற்குப் பிறகு இன்டர்வியூக்கள் நீண்டன. இந்த வாக்-இன் முந்தின நாள் ராத்திரிதான் தெரிந்தது. அன்று நான் பெங்களூரில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

தகவல் சொன்ன சாருக்கும், மாதக்கணக்கில் ராத்திரி எனக்கு இன்டர்வியூ எடுத்த அறை நண்பனுக்கும் நன்றி. அவன் நல்ல டெஸ்டர், வேலை தேடிக்கொண்டிருக்கிறான். பக் ரிப்போர்ட் மாதிரி வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்."

படமாக நோட்டின் பேனா பக்கம். அறை நண்பன் வேலை தேடுகிறான் என்ற வரிக்கும் அவனிடம் தனியாக அனுமதி வாங்கியிருந்தான்.

வீட்டுக்கு வேறு மெசேஜ், தமிழில், மூன்றே வரி: கம்பெனி பெயர், என்ன வேலை, ஆறு மாதம் பயிற்சிக் காலம். அப்பா கேட்டது அதுதான், முதல் நாளே அவருக்குப் போயிருக்க வேண்டியது.

அதன் பிறகு நடந்தது

வாழ்த்து முன்பைவிடக் குறைவு, முப்பதைச் சுற்றி. ஆனால் யாரும் கன்சல்டன்சி பற்றிக் கேட்கவில்லை, டெவலப்பர் ரெஃபரலும் கேட்கவில்லை. நான்கு ஜூனியர்கள் பக் ரிப்போர்ட் மாதிரி வாங்கிக்கொண்டார்கள், ஒருவன் தானே ஒன்று எழுதித் திருத்தக் கேட்டு அனுப்பினான். வேறு கம்பெனியில் டெஸ்ட் லீடாக இருக்கும் ஒருவர் பேனா பக்கத்தைப் பார்த்துவிட்டு, அந்த அறை நண்பனின் ரெஸ்யூமேவைக் கேட்டார். அவன் போனான், முதல் சுற்று தாண்டினான், இரண்டாவதில் தேறவில்லை.

கோவில்பட்டிப் பையன் அந்தப் பதிவுக்கும் லைக் போடவில்லை. படித்திருக்கிறான். ஒரு வாரம் கழித்து, "அந்த மூணு ரிப்போர்ட்டையும் எனக்கும் குடு" என்று கேட்டானாம். டீக்கடைக்கு மூவரும் மறுபடி சேர்ந்து போக ஆரம்பித்தார்கள்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பயிற்சி மையம் அந்தப் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே நூறு சதவீதம் வேலை உறுதி என்று போட்டு விளம்பரமாக்கிவிட்டது. அதே வகுப்பில் படித்த இருவர் வேலையில்லாமல் அதே அறையில் இருக்கும்போது. பையன் கொதித்துப்போய் உடனே கமென்டில் சண்டை போடக் கிளம்பினான், நான் தடுத்து, சாரிடம் முதலில் பேசச் சொன்னேன். அவருக்கே இது தெரியாது, விளம்பரத்தைக் கவனித்துக்கொள்பவர்கள் வேறு ஆட்கள். அவர் சொல்லியும் எடுக்கவில்லை. என் படத்தையும் எழுத்தையும் என் அனுமதி இல்லாமல் பயன்படுத்தியிருக்கிறீர்கள், எடுங்கள் என்று எழுத்தில் மெயில் போட்ட பிறகுதான், இரண்டு வாரம் கழித்து எடுத்தார்கள். அதற்குள் எத்தனை பேர் அதைப் பார்த்துப் பணம் கட்டினார்களோ என்று அவன் இன்னும் வருத்தப்படுகிறான், எனக்கும் அந்த வருத்தம் இருக்கிறது.

இன்னொரு முறை என்றால்

சாரை டேக் செய்ததில்தான் பிசகு. அவர் ப்ரொஃபைலில் பயிற்சி மையத்தின் பெயர் இருந்தது, அந்த வழியாகத்தான் பதிவு அவர்கள் கண்ணில் பட்டது. நன்றியை எழுத்தில் வைத்துக்கொண்டு டேக்கை விட்டிருக்கலாம். அல்லது, நான் படித்த மையத்தில் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அதை வைத்து விளம்பரம் செய்ய முடியாது. அடுத்து கேட்டவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்லியிருக்கிறேன்.

எச்ஆர் மெயிலை நான் முதலில் கொஞ்சம் அலட்சியமாகத்தான் நினைத்தேன், சின்ன கம்பெனி, யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று. மருத்துவமனைப் பெயர் வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருக்காவிட்டால் அவன் நிச்சயம் போட்டிருப்பான், முதல் வரைவில் இருந்தது. பெயர் சொல்லவே கூடாது என்ற பதில் வரும் கம்பெனிகளும் உண்டு, குறிப்பாக ஒரு கம்பெனி சம்பளத்தில் இருந்துகொண்டு இன்னொரு கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு. அவர்கள் சம்பளம் தரும் கம்பெனி பெயரையும், என்ன துறை, என்ன வேலை என்பதையும் சொன்னால் போதும், உட்காரும் இடத்தின் பெயரைப் போடக் கூடாது. பெயர் இல்லாவிட்டாலும், செய்யும் வேலையைப் பற்றி ஒரு தெளிவான வரி இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

படத்தில் ஒரு சின்னக் கவனக்குறைவும் இருந்தது. பேனா பக்கத்தின் ஓரத்தில் இவனை நிராகரித்த ஒரு கம்பெனியின் பெயர் பென்சிலில் இருந்தது. மூன்று நாள் கழித்து நான்தான் பார்த்தேன். படத்தை மாற்ற முடியாது என்று தெரிந்தும் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோம். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, பதிவு அப்படியே இருக்கிறது.

கோவில்பட்டிப் பையனுக்கு அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை கிடைத்தது. பதிவு எழுதலாமா என்று இவன் கேட்டிருக்கிறான், வேண்டாம் என்றுவிட்டான். ப்ரொஃபைலில் கம்பெனி பெயரையும் பதவியையும் தேதியையும் சேர்த்தான், எல்லோருக்கும் தெரிவிக்கவா என்று கேட்கும் சுவிட்சை அணைத்து வைத்தான். அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டுக் கம்பெனி பெயரை இரண்டு தடவை சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னானாம்.